உருமாறும் வேற்றுக்கிரக இனத்துக்குப் பெயர் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்தானே, வாய்க்கு வந்ததை வைத்தால் என்ன?

ஒரே ஒரு வேற்றுக்கிரகவாசி வந்து போகும் சிறுகதை என்றால் தாராளமாக வைக்கலாம். நாலைந்து பேர் வந்தால்தான் சிக்கல். ஒருவர் 'ஸார்க்', இன்னொருவர் 'மியாலூ', மூன்றாமவர் 'க்வெந்த்ரா' என்று இருந்தால், இவர்கள் ஒரே மொழி பேசும் இனம் என்று வாசகர் நம்பமாட்டார். முழு மொழியை உருவாக்க வேண்டிய அவசியம் இல்லை. எட்டு மெய்கள், மூன்று உயிர்கள், இரண்டு மூன்று இலக்கண விதிகள் போதும். ஒரு தாளில் அடங்கிவிடும். கீழே வருபவை எல்லாம் அப்படி அமைத்த ஒரே ஒரு பெயர் முறையை வைத்துச் சொல்லப்பட்டவை.

உருமாறும் உயிருக்கு வாய் ஒரே மாதிரி இருக்காதே. அப்படியானால் எந்த ஒலிகளை எடுப்பது?

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று மனித உருவில் இருப்பது நாளை அலகுள்ள உருவில் இருக்கும். எந்த உருவில் இருந்தாலும் தன் பெயரைத் தானே சொல்ல முடிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். உதடு எல்லா உருவிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. நாக்கும் மேலண்ணமும் மட்டும் எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

உதடு வேண்டிய ஒலிகள் எவை என்று நன்னூலே பட்டியல் போட்டுத் தருகிறது. ப, ம இரண்டுக்கும் இரண்டு உதடுகளும் சேர வேண்டும். வ-வுக்கு மேற்பல்லும் உதடும் வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் உதடு குவிய வேண்டும். இவற்றை மொத்தமாக வெட்டிவிடலாம். ப, ம போன்ற ஒலிகள் இல்லாத மொழி இருக்குமா என்று யாராவது கேட்டால், வட அமெரிக்காவின் மொஹாக் மொழியைக் காட்டுங்கள். அதன் சொந்தச் சொற்களில் p, b, m ஒலிகள் கிடையாது. பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர்களும் உதடு அசையக்கூடாது என்பதால் இதே ஒலிகளில்தான் திணறுவார்கள்.

அடுத்த வெட்டு தமிழ் எழுத்தால் வருவது. 'ச' என்று எழுதினால் ஒருவர் ஸ என்று படிப்பார், இன்னொருவர் ச்ச என்று படிப்பார். அதனால் ச வேண்டாம். ள, ண வேண்டாம். ல, ழ, ன பக்கத்தில் அவையும் வந்தால் எது எந்தப் பெயர் என்று குழம்பும். மிஞ்சுவதிலிருந்து இவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

மெய்: க, ட, த, ன, ர, ல, ழ, ங
உயிர்: அ, இ, எ (குறிலும் நெடிலும்)

ன சொல்லின் முதலில் வந்தால் ந என்று எழுதிக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறோம்.

'க' என்று எழுதினால் சிலர் ga என்று படிப்பார்கள், சிலர் ka என்பார்கள். இதை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டாம். அந்த வேறுபாட்டில் எந்தப் பொருளையும் ஏற்றாமல் விட்டுவிடுங்கள். தமிழ் வாசகர் பழக்கப்படி சொல்லின் நடுவில் தனியாக வரும் க, ட, த மூன்றையும் மென்மையாகத்தான் படிப்பார். அதையே இனத்தின் ஒலி விதியாக எழுதி வைத்துக்கொண்டால், வாசகர் படிப்பதெல்லாம் சரியான உச்சரிப்பு ஆகிவிடும். ஒலியில் மட்டும் வேறுபட்டு எழுத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்களை உருவாக்காமல் இருந்தால் போதும்.

உருமாறுவதைப் பெயரிலேயே காட்ட வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்த இனத்துக்குப் பெயர் வைப்பதில் சுவையான இடமே அதுதான்.

அரபு மொழியில் க-த-ப என்ற மூன்று மெய்கள் எழுதுதல் என்ற கருத்தைச் சுமக்கின்றன. இடையில் உயிர்களை மாற்றினால் பொருள் மாறும்: கிதாப் என்றால் நூல், காதிப் என்றால் எழுதுபவர், முன்னொட்டோடு மக்தூப் என்றால் எழுதப்பட்டது. எலும்பு மாறாமல் சதை மட்டும் மாறுகிற அமைப்பு. உருமாறிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. மூன்று மெய்கள் ஆளை அடையாளம் காட்டட்டும். இடையில் வரும் இரண்டு உயிர்கள் அந்த ஆள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டட்டும்.

மூன்று நிலைகள் வைக்கலாம். சொந்த உருவில் இருந்தால் ஆ–எ. வேறொரு உருவைத் தரித்திருந்தால் எ–ஈ. மாறிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் அ–அ. இரண்டும் குறில், பெயரே சுருங்கிப் போகிறது.

ட-க-ழ என்ற வேரை எடுத்துக்கொள்வோம்.

சொந்த உரு: டாகெழ்
தரித்த உரு: டெகீழ்
மாறும்போது: டகழ்

இதே அச்சில் ழ-ர-ங என்ற வேர் ழாரெங், ழெரீங், ழரங் ஆகும். ர-த-ல என்ற வேர் ராதெல், ரெதீல், ரதல் ஆகும். மூன்று பேர், ஒன்பது பெயர்கள். ஆனாலும் பார்த்தவுடன் ஒரே குடும்பம் என்று தெரிகிறது, இல்லையா?

இன்னொரு லாபமும் உண்டு. தமிழில் முதல் அசையைத் தாண்டி எகரக் குறில் வருவது அரிது. அதேபோல் ட, ர, ல, ழ நான்கும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. அதனால்தான் பழைய நூல்களில் இராமன், உலோகம் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எழுதினார்கள். ஆகவே ழாரெங் என்று எழுதினாலே வேற்று வாடை வந்துவிடும். ஸ், க்ஸ், மேற்கோள் குறி எதுவும் தேவையில்லை.

நான்காவதாக ஒரு நிலை சேர்க்க ஆசை வரும். இறந்தவருக்கு, குழந்தைக்கு என்று காரணமும் கிடைக்கும். சேர்க்காதீர்கள். ஒருவருக்கு மூன்று பெயர் என்பதே வாசகர் தாங்கும் எல்லை.

பெயரின் கடைசியில் எந்த மெய்யும் வரலாமா?

ல், ழ், ங் மூன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். க், ட், த் போன்ற வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. 'டாழெக்' என்று எழுதினால் வாசகர் மனத்துக்குள் ஓர் உகரத்தைச் சேர்த்து 'டாழெக்கு' என்று படிப்பார். உகரமே இல்லாத மொழியில் அது அபத்தம்.

ன், ர் இரண்டும் வேறு காரணத்தால் ஆகாது. தமிழ்க் காதுக்கு -ன் என்றால் ஆண், -ர் என்றால் மரியாதை அல்லது பன்மை. 'டாகென்' என்று பெயர் வைத்துவிட்டு இந்த இனத்துக்குப் பால் வேறுபாடே இல்லை என்று பத்துப் பக்கம் விளக்கினாலும், வாசகர் மனத்தில் அவன் ஆண்தான்.

ங் கடைசியில் மட்டும் வரட்டும். முதலில் வந்தால் 'ஙே' என்று விழித்த கதையாகிவிடும். சோகக் காட்சியில் சிரிப்பு வரும்.

இப்படிக் கட்டுப்பாடு போட்டால் பெயர் பஞ்சம் வராதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேரின் மூன்று மெய்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும், ல-வும் ழ-வும் ஒரே வேரில் சேரக்கூடாது, ங கடைசியில் மட்டும். ல-வில் முடிபவை 20, ழ-வில் முடிபவை 20, ங-வில் முடிபவை 40. ஆக 80 வேர்கள். நாவலில் பெயரோடு வரும் உருமாறிகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாது. மிச்சத்தில் ஊர், கப்பல், சடங்கு எல்லாவற்றுக்கும் பெயர் எடுக்கலாம்.

நான் உருவாக்கிய பெயர் வேறு ஏதோ சொல் மாதிரி வந்துவிடுகிறது. வாசகர் சிரிக்கிறார்கள். என்ன செய்ய?

80 வேர்களில் கணிசமானவை இப்படித்தான் கழியும். ஒரு வேரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று வடிவங்களையும் எழுதி, சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஒரு வடிவம் மாட்டினாலும் வேரையே கைவிட வேண்டும். ஏனென்றால் கதை நடுவில் அந்த வடிவம் தேவைப்படும்போது தப்பிக்க வழி இருக்காது.

ல-க-ங வேரைப் பாருங்கள். லாகெங் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அது வேறு உருவத்தைத் தரித்தவுடன் லெகீங் ஆகிறது. துணிக்கடை ஞாபகம் வந்துவிடும். ர-க-ல வேரில் சொந்த உருவின் பெயர் ராகெல். விவிலியத்து ராகேலுக்கு மிக அருகில். ர-ட-ங வேர் ரெடீங் ஆகும்போது புத்தகம் படிக்கும் வேலையாகத் தெரியும்.

அதிகம் மாட்டுவது அ–அ வடிவமும் ல் முடிவும் சேருமிடத்தில். க-ட-ல என்றால் கடல், க-ன-ல என்றால் கனல், ந-க-ல என்றால் நகல், த-ர-ல என்றால் தரல். தமிழில் -அல் என்பது பெயர்ச்சொல்லுக்கு மிகப் பழகிய முடிவு என்பதே காரணம். நகல் என்பது உருமாறிக்குப் பொருத்தமான சிலேடைதானே என்று தோன்றலாம். வேற்றுக்கிரக மொழியில் தமிழ்ச் சிலேடை எங்கிருந்து வந்தது என்று அடுத்த வாசகர் கேட்பார்.

உயிர் அச்சுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தச் சோதனை வேண்டும். இரண்டாவது உயிராக இ-யோ ஆ-வோ வைத்தால் ல-வில் முடியும் பெயரெல்லாம் வேற்றுமை உருபு சேர்ந்த மாதிரி ஆகிவிடும். 'ராதில்' என்றால் ஏதோ இடத்தில் என்றும், 'ராதால்' என்றால் ஏதோ ஒன்றால் என்றும் படிக்கத் தோன்றும். எ, ஈ இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை என்பதால்தான் அவற்றைப் பிடித்தோம்.

இனத்தின் பெயரை எப்படி வைப்பது? அதுவும் இதே முறையிலா?

இதே முறைதான். வேறு முறையில் வைத்தால், வெளியார் சூட்டிய பெயர் என்று கதையில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இனத்தின் பெயர் நூற்றுக்கணக்கான தடவை வரும் என்பதால் இருப்பதிலேயே எளிய வேரைக் கொடுங்கள். த-ர-ழ எடுத்தால் ஒருவர் தாரெழ்.

பலரைச் சொல்ல, முதல் மெய்யை எகரத்தோடு முன்னால் இரட்டிக்கலாம்: தெதாரெழ். இரட்டித்துப் பன்மை காட்டுவது உலகில் பழகிய வழிதான். இந்தோனேசிய மொழியில் ஓராங் என்றால் ஆள், ஓராங்-ஓராங் என்றால் ஆட்கள். இங்கே முழுச் சொல்லையும் இரட்டிக்காமல் முதல் மெய்யை மட்டும் எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இதே விதியை ஆள் பெயரிலும் போட்டால் ஒரு புதுப் பொருள் கிடைக்கும். டெடாகெழ் என்றால் பல டாகெழ்கள் அல்ல, டாகெழும் அதைச் சேர்ந்தவர்களும். ஜப்பானிய மொழியில் ஒருவர் பெயரோடு 'தாச்சி' சேர்த்தால் இதே பொருள்தான் வரும். கதையில் "டெடாகெழ் வருகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், கூட்டமாக வருகிறார்கள் என்பது விளக்கம் இல்லாமலே புரியும்.

அப்படியானால் தமிழ் 'கள்' சேர்க்கவே கூடாதா?

கூடாது, முக்கியமாக ங-வில் முடியும் பெயர்களில். மரம் மரங்கள் ஆவதைப் போல ழரங்கள் என்பதை வாசகர் 'ழரம்' என்ற சொல்லின் பன்மை என்று பிரித்துவிடுவார். பெயரின் கடைசி மெய்யே காணாமல் போய்விடும்.

வேற்றுமை உருபு சேர்க்கும்போது பெயர் உருக்குலைகிறதே?

தமிழ் வாக்கியத்தில் எழுதுகிறோம், உருபு சேர்க்காமல் முடியாது. ல், ழ் முடிவுகளில் சிக்கல் இல்லை: டாகெழை, டாகெழுக்கு, ராதெலின். ங் முடிவுக்கு ஹாங்காங் என்ற பெயரை எப்படி நடத்துகிறோமோ அப்படியே நடத்துங்கள். ஹாங்காங்கை, ஹாங்காங்குக்கு என்பது போல ழாரெங்கை, ழாரெங்குக்கு. 'ழாரெஙை' என்று எழுதினால் கண் இடறும். எதை எடுத்தாலும் கடைசி அத்தியாயம் வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இலக்கணக் குறிப்பு இன்னும் என்னென்ன வேண்டும்?

நிலையைக் காட்டும் உயிர், பலரைக் காட்டும் இரட்டிப்பு இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதாக உறவைக் காட்டும் ஓர் இணைப்புச் சொல் போதும். 'ரே' என்று வைப்போம். டாகெழ் ரே ழாரெங் என்றால் ழாரெங்கிடம் உருமாறக் கற்ற டாகெழ். தமிழில் அடை முன்னால் வரும். இங்கே பின்னால் வருகிறது. வரிசை தலைகீழாக இருப்பதே வேற்றுமொழி என்ற உணர்வைக் கொடுத்துவிடும். தாய் தந்தை பெயரை விட்டுவிட்டு ஆசான் பெயரைச் சேர்த்ததால், இந்த இனம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பதும் சொல்லாமலே வந்துவிடுகிறது.

வினைச்சொல், காலம், எண்கள் எல்லாம் வேண்டாம். பெயரில் தெரியாத இலக்கணத்தை உருவாக்கினால் அது உங்கள் குறிப்பேட்டிலேயே தங்கிவிடும்.

அவனா, அவளா, அதுவா? தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுகிறதே.

நான் 'அது' பக்கம். "குழந்தை அழுதது" என்று எழுதும்போது யாரும் குழந்தையை இழிவாக நினைப்பதில்லை. சில பக்கங்களில் வாசகருக்குப் பழகிவிடும். 'அவர்' என்பது பால் காட்டாது என்றாலும், எல்லா உருமாறிகளையும் வயதில் மூத்தவர்களாக ஆக்கிவிடுகிறது. சண்டைக் காட்சியில் "அவர் பாய்ந்தார்" என்று எழுதிப் பாருங்கள், தெரியும். கதைசொல்லி 'அது' என்று சொல்ல, உருமாறியோடு பழகிய ஒரு மனிதப் பாத்திரம் மட்டும் ஒரு கட்டத்தில் 'அவர்' என்று மாறினால், அந்த ஒரு சொல்லிலேயே உறவு மாறியது தெரியும்.

இந்த விதிகளை வாசகருக்கு எங்கே விளக்குவது? முன்னுரையிலா, பின்னிணைப்பிலா?

எங்கும் விளக்க வேண்டாம். கதைசொல்லி எப்போதும் சொந்த உருவின் பெயரையே சொல்லட்டும். உயிர் மாறுவது உரையாடலில் மட்டும் நடக்கட்டும். முதல் சில பக்கங்களில் டாகெழ் என்ற பெயர் நன்றாகப் பதிந்த பிறகு, இப்படி ஒரு காட்சி வைக்கலாம்:

காவலன் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். எதிரே நின்ற அதிகாரியின் முகத்தில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பின்னால் நின்ற ராதெல் மெல்ல முணுமுணுத்தது.

"டெகீழ், இடது கையை எண்ணிப் பார்."

ஆறு விரல்கள். டாகெழ் கையைச் சட்டைப் பைக்குள் விட்டது. ஆறாவது விரல் உள்ளே இழுபடத் தொடங்கியது. அதோடு மணிக்கட்டும் இளகியது.

"டகழ்! இங்கே வேண்டாம்!"

இதைப் படித்தவருக்கு மூன்று பெயரும் ஓர் ஆளுடையவை என்பது தெரிந்துவிடும். மெய்கள் மாறவில்லை என்பதை அவரே கவனிப்பார். ராதெலும் அப்போது மனித உருவில்தான் இருக்கிறது, ஆனாலும் கதைசொல்லி ரெதீல் என்று சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். அங்கே பிசகினால் எல்லாம் குழம்பும். எழுதி முடித்த பிறகு எ–ஈ, அ–அ வடிவங்கள் ஒவ்வொன்றையும் கோப்பில் தேடி, அவை மேற்கோள் குறிக்குள் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள்.

மனித உருவில் இருக்கும்போது மனிதப் பெயர் இருக்குமே, அதை என்ன செய்வது?

மனிதர்கள் அந்தப் பெயரால் அழைக்கட்டும். அது அந்த உருவத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. அதில் ப, ம, வ இருந்தால் இன்னும் நல்லது. உதடுள்ள உருவில் இருக்கும் வரை அந்தப் பெயரைச் சொல்ல முடியும். அலகுள்ள உருவுக்கு மாறியபின் முடியாது. மனிதப் பெயர் வாயில் நிற்காமல் போவதை வைத்தே மாற்றம் தொடங்கிவிட்டது என்று காட்டலாம்.

மனிதர்கள் இந்தப் பெயர்களைத் தப்பாக உச்சரிப்பதையும் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் தப்புக்கும் ஒரு விதி வேண்டும். மனிதர்கள் ழ்-வை ல் ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், எல்லா மனிதரும் எல்லாப் பெயரிலும் அதையே செய்ய வேண்டும். டாகெழ் அவர்கள் வாயில் டாகெல் ஆகும். ட-க-ல என்பது தனி வேர் என்பதால் அவர்கள் வேறோர் ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆகிறது. அந்தப் பெயரில் இன்னொருவர் கதையில் இருந்தால் கதைக்கு ஒரு திருப்பம் கிடைத்தது. திருப்பம் வேண்டாம் என்றால் ட-க-ல வேரை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விட்டுவிடுங்கள்.